நடுவில் கயிறு கட்டினால் நியாயம் வந்துவிடுமா?

உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கும் இருக்கிறது. ஆனாலும் காணி பங்கு போடுகிற வீடு எதுவானாலும் கடைசிவரை வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

போன தவணை விடுமுறைக்கு முன்னர், தரம் 10 பிள்ளை ஒருத்தி கணிதக் கொப்பியோடு எங்களிடம் வந்தாள். பாடக் கணக்கு அல்ல. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட ஒரு காணிப் படம். மேலே குறுகி, கீழே அகன்ற சரிவகம். நடுவில் சமாந்தரமாக ஒரு கோடு.

"சேர், இது எங்க தோட்டம். அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் பிரிச்சாங்க. சரிபாதின்னுதான் சொன்னாங்க. சூத்திரம் போட்டுப் பார்த்தேன், சரிபாதி வரல. நான் எங்கயோ பிழை விட்டுட்டேனா?"

நாங்கள் இரண்டு பேர் அவளுடைய கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவள் பிழை விடவில்லை. பிரித்தவர்கள்தான் பிழை விட்டிருந்தார்கள்.

மறு சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனோம். லயத்துக்குப் பக்கத்தில், அவளுடைய தாத்தா பல வருடங்களாகக் கொத்திப் பண்படுத்தி கரட், லீக்ஸ் போட்டு வந்த துண்டு. அவர் போன பிறகு மூத்த மகனின் குடும்பத்துக்கும் இளைய மகனின் குடும்பத்துக்கும் பிரிக்க வேண்டி வந்தது. மூத்த மகனும் உயிரோடு இல்லை. பிள்ளையும் அம்மாவும்தான். உறுதி கிடையாது, வரைபடம் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் நின்று கயிறு கட்டிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

காணியின் கீழ்ப்பக்கம் தோட்ட றோட்டை ஒட்டியது, 85 அடி. மேல்பக்கம் குறுக்குப்பாதையை ஒட்டியது, 35 அடி. இரண்டும் சமாந்தரம். இடது பக்கம் கான் நேராக மேலே ஏறுகிறது. டேப்பை மட்டமாகப் பிடித்துப் படிப்படியாக அளந்தால் அந்தப் பக்கம் 60 அடி. வலது பக்கம் சாய்வு, அதே மாதிரி மட்டமாக அளந்தால் 78 அடி. பாத்திகள் மலைக்குக் குறுக்காகத்தான் போகின்றன. ஆகவே எல்லையையும் குறுக்காகவே போட்டு, கல் அடுக்கி அணை கட்டிவிட்டார்கள். கீழ்த்துண்டு சித்தப்பாவுக்கு, மேல்துண்டு அம்மாவுக்கு.

கயிறு கட்டிய பெரியவர் ஒருவரும் வந்து நின்றார். நல்ல மனிதர், யாருக்கும் வஞ்சகம் நினைக்காதவர். "நடுவுல கட்டுனோம் சேர். மேல முப்பது அடி, கீழ முப்பது அடி. இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்?" என்று கேட்டார்.

அவருக்கு அங்கே சொன்ன பதிலைத்தான் இங்கே எல்லாருக்கும் சொல்கிறோம்.

மேலும் கீழும் முப்பது அடி என்பது உண்மை. ஆனால் அந்த முப்பது அடியும் இந்த முப்பது அடியும் ஒரே அகலம் இல்லையே! நடுக்கோட்டின் நீளம் 85க்கும் 35க்கும் சராசரி, அதாவது 60 அடி. கீழ்த்துண்டு 85இல் தொடங்கி 60இல் முடிகிறது. அதன் சராசரி அகலம் 72.5. முப்பதால் பெருக்கினால் 2175 சதுர அடி. மேல்துண்டு 60இல் தொடங்கி 35இல் முடிகிறது. சராசரி அகலம் 47.5. முப்பதால் பெருக்கினால் 1425 சதுர அடி.

மொத்தம் 3600 சதுர அடி. சரிபாதி என்றால் ஆளுக்கு 1800 வரவேண்டும். ஒருவருக்கு 2175, மற்றவருக்கு 1425. வித்தியாசம் 750 சதுர அடி.

750 என்றால் என்ன என்று எங்கள் ஊர் ஆட்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஒன்று 120 சதுர அடி. ஆறு காம்பராவுக்கு மேலே வித்தியாசம்! பேர்ச் கணக்கில் பார்த்தால், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. சித்தப்பாவுக்குக் கிட்டத்தட்ட 8 பேர்ச். விதவைத் தாய்க்கு ஐந்தேகால் பேர்ச். இதற்குப் பெயர் சரிபாதி.

இந்த மலையகத்தில் ஒரு பேர்ச்சுக்காக எத்தனை வருடம் கத்தியிருக்கிறோம்? 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்பதைக் கேட்டுப் பெறுவதற்கே ஒரு தலைமுறை போனது. பிறகு 10 பேர்ச் என்றார்கள். 7 போதுமா, 10 வேண்டுமா, 20 வேண்டுமா என்று மேடை மேடையாகக் கதைத்தோம். அந்த மூன்று பேர்ச் வித்தியாசத்துக்குப் போராட்டம் நடத்திய நாங்களே, நம் வீட்டுக்குள் ஒரு கயிற்றைக் கட்டி, ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று பேர்ச் வித்தியாசம் வரும்படி பிரித்துவிட்டு, "நியாயமாகப் பிரித்தோம்" என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறோம்.

கம்பெனி செய்தால் அநியாயம். நாம் செய்தால் பெரியவர் தீர்ப்பு. அப்படித்தானே?

சரி, எல்லை எங்கே வரவேண்டும்? கணக்கு இவ்வளவுதான்.

இரண்டு பக்கக் கோடுகளையும் மேலே நீட்டிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கானும் சாய்வு எல்லையும் ஓரிடத்தில் சந்திக்கும். இந்தக் காணியில் குறுக்குப்பாதைக்கு மேலே 42 அடியில் சந்திக்கும். இப்போது ஒரே உச்சியில் இருந்து தொங்குகிற மூன்று முக்கோணிகள் கிடைக்கின்றன. சிறியதன் அடி 35, பெரியதன் அடி 85, நடுவில் இருப்பதன் அடி நாம் தேடுகிற எல்லைக் கோடு. மூன்றும் ஒரே வடிவம், அளவுதான் வேறு. ஒரே வடிவமுள்ள முக்கோணிகளில் அடி இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும், அடி மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். அதாவது பரப்பளவு அடியின் வர்க்கத்தோடு போகிறது.

ஆகவே நடு முக்கோணியின் பரப்பளவு சிறியதற்கும் பெரியதற்கும் சரி நடுவில் இருக்க வேண்டுமென்றால், எல்லைக் கோட்டின் வர்க்கம் மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களுக்குச் சரி நடுவில் இருக்க வேண்டும். நீளங்களின் சராசரி அல்ல, வர்க்கங்களின் சராசரி. பெரியவர்கள் விட்ட பிழை இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

85இன் வர்க்கம் 7225. 35இன் வர்க்கம் 1225. கூட்டினால் 8450. பாதி 4225. வர்க்கமூலம் 65.

எல்லைக் கோடு 65 அடி நீளமாக இருக்க வேண்டும், 60 அல்ல. அது எந்த இடத்தில் வரும்? கீழிருந்து மேலே போகும்போது அகலம் 85இலிருந்து 35 வரை, மொத்தம் 50 அடி குறைகிறது. 65க்கு வருவதற்கு 20 அடி குறைந்தால் போதும். 50இல் 20, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. எனவே கீழிருந்து 60 அடியில் ஐந்தில் இரண்டு, 24 அடி.

சரி பாருங்கள். கீழ்த்துண்டு: 85க்கும் 65க்கும் சராசரி 75, பெருக்கல் 24, வருவது 1800. மேல்துண்டு: 65க்கும் 35க்கும் சராசரி 50, பெருக்கல் 36, வருவது 1800. ஒரு சதுர அடிகூடப் பிசகவில்லை.

அணை இருக்கவேண்டிய இடம் 24 அடியில். கட்டியிருப்பது 30 அடியில். ஆறடி மேலே!

இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே, "விடுங்க சேர், கடைசியில எல்லாருக்கும் ஆறடிதானே" என்றார். அழகான தத்துவம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தத் தத்துவத்தை எப்போதும் குறைவாகக் கிடைத்தவரிடம்தான் சொல்வோம். கூடக் கிடைத்தவரிடம் போய், "கடைசியில் ஆறடிதானே, அந்த ஆறடியைத் திருப்பிக் கொடு" என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வாதமும் வந்தது. "இதெல்லாம் படித்தவர்கள் கணக்கு, நம்ம ஆட்களுக்கு எதுக்கு?" படித்தவர்களும் பல்கலைக்கழகமும் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னரே வயலைப் பிரித்தவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். இராக்கின் நிப்பூரில் கிடைத்த, நாலாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு களிமண் பலகையில் இதே கணக்கு இருக்கிறது. பக்கங்கள் 17, 7. பிரிக்கும் கோடு 13. நம்முடைய 85, 35, 65ஐ ஐந்தால் வகுத்துப் பாருங்கள். அதே எண்கள்தான்! யூக்ளிட் காணி பிரிப்பதற்கென்றே சொல்லத்தக்க ஒரு நூல் எழுதினார், வடிவங்களைப் பங்கு போடுவது பற்றியது. கிரேக்க மூலம் தொலைந்துபோனது. சரிவகத்தை அடிக்குச் சமாந்தரமாக இரண்டு சமபங்காக்கும் கணக்கு உட்பட அதன் உள்ளடக்கம் அறபியில்தான் தப்பியது. பத்தாம் நூற்றாண்டில் அஸ்ஸிஜ்ஸி எழுதிவைத்த பிரதியை 1851இல் பாரிஸில் இருந்து வொப்கே என்ற அறிஞர் வெளியிட்டார். பங்குக் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் கயிறு போதுமாக இருக்கிறது.

ஆனால் முதல் குற்றவாளி அந்தப் பெரியவர் இல்லை. நாங்கள்தான்.

சரிவகத்தின் பரப்பளவுச் சூத்திரத்தை எத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறோம். சமாந்தரப் பக்கங்களைக் கூட்டு, உயரத்தால் பெருக்கு, இரண்டால் வகு. பிள்ளை விடையைக் கண்டுபிடித்தால் சரி அடையாளம், அடுத்த கணக்கு. முக்கோணிப் பாடம் வேறொரு நாளில் வரும். வர்க்கமூலம் வேறொரு கொப்பியில். இந்த மூன்றையும் ஒரே காணியில் சந்திக்க வைத்து, "இப்போது இதைப் பாதியாக்கு பார்ப்போம்" என்று எங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வினாத்தாளில் வராது என்று விட்டுவிட்டோம். எங்கள் வகுப்பில் இருந்த பிள்ளைதான் இன்று வளர்ந்து ஊர்ப் பெரியவராக நின்று நடுவில் கயிறு கட்டுகிறார். அவர் கட்டிய கயிற்றில் எங்கள் கையும் இருக்கிறது.

ஆகவே சுருக்கமாக, காணி பிரிக்கப் போகிறவர்களுக்குக் களத்தில் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில், இரண்டு பக்கமும் உண்மையில் சமாந்தரமா என்று பாருங்கள். கீழ் எல்லைக்குச் செங்குத்தாக, இரண்டு வெவ்வேறு இடத்தில் இருந்து மேல் எல்லைக்கு அளவுங்கள். இரண்டும் ஒரே அளவாக வந்தால் சமாந்தரம். வித்தியாசமாக வந்தால் இந்தக் கணக்கு அந்தக் காணிக்குப் பொருந்தாது. அதை மூலைவிட்டம் போட்டு முக்கோணிகளாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, சமாந்தரப் பக்கங்கள் இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுங்கள். போனில் உள்ள கல்குலேட்டர் போதும். அதுதான் எல்லைக் கோட்டின் நீளம். அகன்ற பக்கத்திலிருந்து அதைக் கழித்து, இரண்டு பக்கங்களின் வித்தியாசத்தால் வகுங்கள். ஒரு பின்னம் கிடைக்கும். அகன்ற பக்கத்து மூலைகளில் இருந்து தொடங்கி, இரண்டு ஓர எல்லைகளிலும் அதே பின்னத்தை அளந்து குச்சி அடியுங்கள். எங்கள் காணியில் ஐந்தில் இரண்டு. கான் பக்கத்தில் 60இல் 24 அடி. சாய்வுப் பக்கத்தில் 78இல் 31 அடியும் சொச்சமும். இரண்டு பக்கத்திலும் ஒரே அடிக்கணக்கை அளந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கோடு கோணலாகிவிடும். ஒரே பின்னம், வெவ்வேறு அடி. கடைசியில் குச்சிக்குக் குச்சி டேப் பிடியுங்கள். 65 வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால் எங்கோ அளவு பிழைத்திருக்கிறது, திரும்ப அளவுங்கள்.

மூன்றாவது, நம் மலைக்கே உரிய ஒரு சிக்கல். டேப்பைத் தரையோடு தரையாகச் சரிவில் போட்டு அளந்தால் நீளம் கூடிக் காட்டும். 30 பாகைச் சரிவில் 60 அடி அளந்தால் வரைபடத்தில் அது 52 அடிதான். ஒரே சீரான சரிவு என்றால் பாதி பாதியாகத்தான் பிரியும், அதில் பிழை வராது. ஏனென்றால் இரண்டு துண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கும். ஆனால் எத்தனை பேர்ச் என்ற கணக்குப் பிழைக்கும். நம்முடைய 13 பேர்ச் 11 பேர்ச்சாகிவிடும். கீழே தட்டையாகவும் மேலே செங்குத்தாகவும் இருக்கிற காணியில் பாதியும் பிழைக்கும். அங்கே டேப்பை மட்டமாகப் பிடித்து, கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, படி படியாகத்தான் அளக்க வேண்டும்.

"எங்கள் காணியில் மேலும் கீழும் பெரிய வித்தியாசம் இல்லை, நடுவில் கட்டினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு. நடுவில் கட்டினால் ஒருவருக்கு மற்றவரைவிட எவ்வளவு கூடும் என்று உடனே சொல்லலாம். இரண்டு அகலங்களின் வித்தியாசத்தை உயரத்தால் பெருக்கி நாலால் வகுங்கள். அகலம் 60, 50 என்று வெறும் பத்தடி வித்தியாசம், உயரம் 60 அடி என்றாலும் 150 சதுர அடி வருகிறது. ஒரு காம்பராவைவிடக் கூட. அது பெரிதில்லை என்று இரண்டு தரப்பும் தெரிந்துகொண்டு சம்மதித்தால் எங்களுக்கு மறுப்பில்லை. தெரியாமல் இழப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

ஒரு நியாயமான கேள்வியும் வந்தது, அதை மறைக்கக்கூடாது. மேல்பக்கத்தின் நடுவையும் கீழ்ப்பக்கத்தின் நடுவையும் இணைத்து நெடுக்காகப் பிரித்தால் வர்க்கமூலமே இல்லாமல் சரிபாதி வருமே? வரும். றோட்டு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிற காணிக்கு அதுதான் நல்லதும்கூட, இரண்டு பேருக்கும் றோட்டு முகப்புக் கிடைக்கும். ஆனால் இந்தக் காணியில் மேலும் கீழும் பாதை இருக்கிறது. பாத்திகள் எல்லாம் குறுக்காகப் போகின்றன. நெடுக்காக எல்லை வெட்டினால் ஒவ்வொரு பாத்தியும் இரண்டாகும். மழைக்கு அந்த எல்லையே கானாகி மண்ணை அள்ளிக்கொண்டு றோட்டுக்குப் போகும். அதனால்தான் குறுக்கு எல்லை. எப்படிப் பிரிப்பது என்பதைக் காணியைப் பார்த்துத் தீர்மானியுங்கள். குறுக்காகத்தான் என்று தீர்மானித்தால் நடுவில் கட்டாதீர்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. எங்கள் டேப் எந்தச் சட்டத்திலும் செல்லாது. உறுதி எழுதுவதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடம்தான் வேண்டும். ஆனால் உறுதி வருவதற்கு முன்னரே அணை கட்டி, வேலி போட்டு, மரம் நட்டுவிடுகிறோம். பிறகு வருகிற அளவையாளர் நின்ற எல்லையைத்தானே வரைவார்? இன்றைய பிழையான கயிறு நாளைக்கு முத்திரை குத்திய உறுதியாகும். அதற்கு முன்னர் கணக்குப் பார்ப்பதுதான் புத்தி.

அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சித்தப்பா முதலில் கோபித்தார். "டேப் எடுத்துட்டு வந்து குடும்பத்தைப் பிரிக்கிறீங்களா சேர்?" என்றார். நாங்கள் எதுவும் பேசவில்லை. பிள்ளைதான் கொப்பியை விரித்து, "சித்தப்பா, நீங்களே அளந்து பாருங்க" என்றாள். அவர் கீழ்ப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் தானே அளந்தார். 24 அடியில் தானே குச்சி அடித்தார். அந்த இடத்தில் குறுக்காக டேப் பிடித்துப் பார்த்தார். 65. கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அணையை மாற்றுவது இரண்டு நாள் வேலை. லீக்ஸ் பிடுங்கின பிறகு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். குச்சி இரண்டும் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. லீக்ஸ் பிடுங்குகிற அன்றைக்கு நாங்களும் டேப்போடு போவோம்.

உங்கள் ஊரில் கயிறு கட்டப் போகிறார்கள் என்றால், கட்டுவதற்கு முன்னர் அளவுகளைக் கீழே எழுதுங்கள். நாங்கள் கணக்குப் பார்த்துச் சொல்கிறோம். கல் அடுக்கிய பிறகு கூப்பிடாதீர்கள். கணக்கை மாற்ற இரண்டு நிமிடம் போதும், கல்லை மாற்றத்தான் மனசு வேண்டும்.